உயரம் 143 செ.மீ., தலை இறங்கவில்லை, சீட்டில் ‘சி.பி.டி.?’ என்று எழுதியிருக்கிறது: இதற்கு என்ன பொருள்?

தாழைமடல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எனக்கு வயது 27, இது முதல் கர்ப்பம், இன்றோடு 37 வாரமும் 4 நாளும் ஆகின்றன. உயரம் 143 செ.மீ. கடைசி ஸ்கேனில் குழந்தையின் எடை ஏறத்தாழ 2.7 கிலோ என்று வந்தது. தலை கீழ்நோக்கித்தான் இருக்கிறது. ஆனால் நேற்று வயிற்றைத் தடவிப் பார்த்த மருத்துவர், தலை இன்னும் மேலேயே நிற்கிறது என்று சொல்லிவிட்டு, சீட்டில் “உயரம் குறைவு, தலை 4/5, சி.பி.டி.?” என்று எழுதினார். 39ஆம் வாரத்தில் சிசேரியனுக்கு நாள் குறித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

தலைக்கும் இடுப்பெலும்புக்கும் பொருத்தம் இல்லை என்பதுதான் ‘சி.பி.டி.’ என்பதன் பொருள் என்று வீட்டிற்கு வந்தபின் தெரிந்துகொண்டேன். ஆனால் யாரும் என் இடுப்பை அளக்கவில்லை. அளக்காமல் எப்படிச் சொல்ல முடியும்? வலி வரும்வரை காத்திருந்தால் குழந்தைக்கு ஆபத்தா? அறுவைக்கு நான் பயந்து இதைக் கேட்கவில்லை. காரணம் உறுதியானதுதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவே.

செங்காந்தள்

சகோதரி, உங்கள் காலணி அளவு என்ன? பாதம் சிறியதாக இருந்தால் இடுப்பெலும்பும் குறுகலாக இருக்கும் என்று என் அத்தை சொல்வார். அவர் பல பிரசவங்களுக்கு உடனிருந்தவர். சந்தேகம் தீராவிட்டால் இடுப்புக்கு ஓர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அக்காவுக்கு அப்படித்தான் எடுத்தார்கள். படத்தில் அளவு சென்டிமீட்டர் கணக்கில் வந்துவிடும், பிறகு குழப்பமே இருக்காது.

முல்லைவேலி

இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே, தோழி. இனிமேல் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் குழந்தை மேலும் எடை கூடாது, எளிதாக வெளியே வந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் செய்தார்.

நீர்க்கரை

பிரசவ அறையில் 22 ஆண்டுகள் செவிலியாகப் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் முல்லைவேலிக்கு ஒரு சொல். கேள்வி குழந்தையின் எடையைப் பற்றியது அன்று. 2.7 கிலோ பெரிய குழந்தையும் அன்று. கடைசி வாரங்களில் தாய் சாப்பாட்டைக் குறைத்தால் தளர்வதுதான் மிஞ்சும், குழந்தையின் தலை அதனால் சிறுத்துவிடாது. தயவுசெய்து யாரும் இதைப் பின்பற்ற வேண்டாம்.

தாழைமடல், உங்கள் சீட்டில் இருக்கும் கேள்விக்குறியைக் கவனித்தீர்களா? அது மிகவும் நேர்மையான குறி. ‘பொருத்தமின்மை’ என்பது இடுப்பெலும்பின் குறை அன்று, குழந்தையின் குறையும் அன்று. இந்தத் தலை, இந்த நிலையில், இந்த வலியின் விசையில், இந்த இடுப்பெலும்பின் வழியாக இறங்குமா என்ற கேள்விக்கான விடை அது. வலி தொடங்கும் முன் அந்த நான்கில் இரண்டு நம் கையில் இல்லை. வலியின் விசை இன்னும் வரவில்லை. தலை எவ்வளவு குனிந்து, எந்தப் பக்கம் திரும்பி நுழையும் என்பதும் தெரியாது. முகவாயை நெஞ்சோடு ஒட்டிக் குனிந்து வரும் தலை சுமார் 9.5 செ.மீ. குறுக்களவோடு நுழையும். அதே குழந்தை குனியாமல் நிமிர்ந்து நின்றால் 11.5 செ.மீ. வரை அகலம் காட்டும். தலை ஒன்றுதான், அது இடுப்பெலும்பின் வாசலுக்குக் காட்டும் முகப்பு மாறிவிடுகிறது.

உயரத்தைப் பொறுத்தவரை, சில நாடுகள் 140 என்றும் சில 145 என்றும் சில 150 என்றும் கோடு போடுகின்றன. கோடு இடத்துக்கு இடம் மாறுவதிலிருந்தே அது தீர்ப்பு அன்று, எச்சரிக்கைதான் என்பது விளங்கும். உயரம் குறைந்த பெண்களுக்குச் சிசேரியன் விகிதம் கூடுதல் என்பது உண்மை. ஆனால் அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளும் பெரும்பாலும் சிறியவையே. அதனால் அவர்களில் பெரும்பாலோர் சுகப்பிரசவமே காண்கிறார்கள். காலணி அளவை வைத்தும் ஆய்வுகள் நடந்தன. நம்பிக் கையாளும்படி எதுவும் தேறவில்லை.

எக்ஸ்ரே பற்றிச் செங்காந்தள் சொன்னது பாதி சரி. அளவு கிடைக்கும், அதில் ஐயமில்லை. ஆனால் தலை நேராக இறங்கும் நிலையில் இருக்கும் கர்ப்பங்களில் அப்படி அளந்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, சிசேரியன் கூடியதே தவிர, தாய்க்கோ குழந்தைக்கோ தெளிவான பலன் தெரியவில்லை. எலும்பின் அளவு கிடைக்கிறது, ஆனால் மேலே சொன்ன மற்றவை கிடைப்பதில்லை. வலியின்போது இடுப்பு மூட்டுகள் சற்று நெகிழ்வதும், குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒடுங்குவதும் எந்தப் படத்திலும் முன்கூட்டியே தெரியாது.

தாழைமடல்

மிக்க நன்றி, அம்மா. ‘4/5’ என்றால் என்ன? அவர் வயிற்றின் மேலிருந்து மட்டும்தான் பார்த்தார்.

நீர்க்கரை

அடிவயிற்றின் கீழே முன்பக்கம் இருக்கும் பூப்பெலும்பின் மேல் விளிம்புக்கு மேலே தலையில் எத்தனை விரல் அகலம் கைக்குத் தட்டுப்படுகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. முழுத் தலையும் மேலே நின்றால் ஐந்து விரல், அதாவது 5/5. தலை இறங்க இறங்க அது குறையும். 2/5 ஆகிவிட்டால் தலையின் அகலமான பகுதி வாசலைத் தாண்டிவிட்டது என்று கொள்கிறோம். 4/5 என்றால் இப்போதுதான் வாசலில் முட்டி நிற்கிறது.

முதல் பிரசவத்தில் தலை 38 வாரத்துக்குள் இறங்கிவிட வேண்டும் என்று பழைய பாடம் சொல்லும். நடைமுறையில் வலி வந்தபின்னர்தான் இறங்கும் தலைகள் ஏராளம். ஆகவே 37 வாரத்தில் 4/5 என்பதை வைத்துப் பொருத்தம் இல்லை என்று முடிவு கட்ட முடியாது, வலி வந்தபின் சோதித்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அதை அப்படியே விட்டுவிடவும் கூடாது. தலை மேலே நிற்பதற்கு வேறு காரணம் இருக்கிறதா என்று தேட வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தாலே தலை மேலே தள்ளப்படும், அதனால் சிறுநீர் கழித்துவிட்டு வந்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். நஞ்சுக்கொடி கீழே படிந்திருக்கிறதா, கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் கட்டி ஏதும் இருக்கிறதா, பனிக்குட நீர் மிகுதியா, நாள் கணக்கு சரியா, குழந்தையின் முதுகு உங்கள் முதுகைப் பார்த்து நிற்கிறதா என்பனவற்றுக்கு உங்கள் ஸ்கேன் அறிக்கையிலேயே பாதி விடை இருக்கும்.

மருதவனம்

என் கதையைச் சொல்லலாமா? முதல் குழந்தை 3 கிலோ. கர்ப்பப்பை வாய் 7 செ.மீ. திறந்தபின் நின்றுவிட்டது என்று சொல்லி அறுவை செய்தார்கள். சீட்டில் சி.பி.டி. என்று எழுதினார்கள், கேள்விக்குறி இல்லாமல். இடுப்பு சின்னது, இனி எல்லாமே அறுவைதான் என்று ஓர் உறவினர் என் எதிரிலேயே சொன்னார். மூன்று ஆண்டு கழித்து இரண்டாவது குழந்தை 3.3 கிலோ எடையில் சுகப்பிரசவத்தில் பிறந்தது. இடையில் என் இடுப்பு வளர்ந்துவிட்டதா என்ன? இன்றும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. அந்த மூன்று ஆண்டும் என் உடம்பில் ஏதோ குறை இருப்பதாகவே எண்ணிக்கொண்டு வாழ்ந்தேன்.

நீர்க்கரை

உங்கள் முதல் அறுவையின் குறிப்பு கிடைத்தால், குழந்தையின் தலை எந்த நிலையில் இருந்தது என்று எழுதியிருக்கிறார்களா, பாருங்கள்.

மருதவனம்

இரண்டாவது பிரசவத்தின்போது அந்தக் குறிப்பை வாங்கினேன். “தலை நிமிர்ந்து, முகம் முன்னோக்கி” என்று இருந்தது.

நீர்க்கரை

அப்படியானால் அன்று பொருத்தமின்மை இருந்தது உண்மை, ஆனால் அது அந்தத் தலையின் நிலைக்கு உரியது, உங்கள் எலும்புக்கு உரியது அன்று. தலை நிமிர்ந்து, பின்மண்டை உங்கள் முதுகெலும்புப் பக்கம் இருந்ததால் அகலம் கூடியிருக்கிறது. இரண்டாவது குழந்தை குனிந்து வந்தது. முதல் முறை இப்படி நின்றுபோனவர்களில் அடுத்த முறை வலிக்குக் காத்திருந்து பார்ப்பவர்கள் பாதிக்கு மேல் சுகப்பிரசவம் காண்கிறார்கள். சீட்டில் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் உங்களுக்கு அந்த மூன்று ஆண்டு வேதனை இருந்திருக்காது.

கல்லாறு

ஓய்வுபெற்ற மகப்பேறு மருத்துவன் நான். செவிலி அம்மையார் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன், ஆனால் ஓரிடத்தில் மாறுபடுகிறேன்.

தாழைமடல் கேட்ட “அளக்காமல் எப்படிச் சொல்ல முடியும்” என்பதற்கு முதலில் விடை சொல்கிறேன். கையால் அளக்க முடியும். உள் பரிசோதனையில் இரண்டு விரலை நுழைத்து, முதுகெலும்பின் அடியில் இடுப்புக்குழியை நோக்கித் துருத்தும் எலும்பு மேட்டைத் தொட முயல்வோம். விரல் எட்டாவிட்டால் பெரும்பாலும் வாசல் போதுமானது. எட்டினால், விரல் நுனியிலிருந்து பூப்பெலும்பின் கீழ்விளிம்பு கையில் படும் இடம்வரை உள்ள நீளத்தை அளப்போம். அது 11.5 செ.மீ.க்குக் குறைவானால் வாசல் குறுகல் என்று ஐயப்படுவோம். உண்மையான வாசல் அதைவிட ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. குறைவாக இருக்கும் என்பது கணக்கு. பிறகு பக்கச்சுவர்கள் உள்நோக்கிச் சாய்கின்றனவா, நடுவில் இருபுறமும் உள்ள முள்ளெலும்புகள் மழுங்கியிருக்கின்றனவா கூர்மையாகத் துருத்துகின்றனவா, கடைசியில் இரு உட்காரும் எலும்புகளுக்கு இடையே மடக்கிய கைமுட்டி நுழைகிறதா என்று பார்ப்போம்.

இதைவிட எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. தாய் மல்லாந்து படுத்திருக்க, இடக்கையால் வயிற்றின் மேலிருந்து தலையைப் பிடித்து வாசலுக்குள் மெல்லக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். வலக்கையின் இரு விரல்கள் உள்ளே இருந்து தலை இறங்கி வருகிறதா என்று உணரும். வலக்கைப் பெருவிரல் வெளியே பூப்பெலும்பின்மேல் படிந்து, தலை எலும்பின் விளிம்புக்கு மேலே துருத்தி நிற்கிறதா என்று பார்க்கும். தலை உள்ளே வழுக்கி இறங்கினால் நிம்மதி. எலும்போடு சமமாக நின்றால் ஐயம். எலும்பைத் தாண்டி முன்னால் துருத்தினால் கவனம் தேவை. அந்தத் தலையையே அளவுகோலாக வைத்து அந்த வாசலை அளக்கிறோம். 38 வாரத்துக்கு முன் இதைச் செய்வதில் பயன் குறைவு.

எனினும் இந்தச் சோதனைகள் எல்லாம் கைக்குக் கை மாறுபடும். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரையில், ஆரோக்கியமான எல்லாத் தாய்மார்களுக்கும் வலியோடு வந்தவுடன் வழக்கமாக இடுப்பெலும்பை இப்படி அளக்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது.

நான் மாறுபடும் இடம் இதுதான். வலி வந்தபின் சோதித்துப் பார்க்கலாம் என்பது, எந்த நேரமும் அறுவை செய்ய வசதி இருக்கும் இடத்துக்கு மட்டுமே பொருந்தும். இரவில் அறுவை அரங்கு திறக்காத இடத்தில், 143 செ.மீ. உயரமும் வலி தொடங்கும் காலத்திலும் துருத்தி நிற்கும் தலையும் கொண்ட ஒருவருக்கு முன்கூட்டியே நாள் குறிப்பது தவறு என்று நான் சொல்லமாட்டேன். எழுதியவரைக் குறை சொல்லும் முன், அவர் எந்த இடத்தில் இருந்து எழுதினார் என்று கேட்க வேண்டும்.

நீர்க்கரை

டாக்டர் ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். இடம் இல்லாமல் சோதனை இல்லை. என் வாதம் காரணத்தைப் பற்றியது. “இங்கே இரவில் அறுவை வசதி இல்லை, அதனால் நாள் குறிக்கிறேன்” என்று சொன்னால் அது நேர்மையான காரணம். “உன் இடுப்பு சிறியது” என்று சொல்வது நிரூபிக்காத ஒன்றைத் தலையில் சுமத்துவது.

ஆவாரம்பூ

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். நான் 150 செ.மீ., அதில் சிக்கல் இல்லை. ஆனால் ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு விபத்தில் என் இடுப்பெலும்பு முறிந்தது. இப்போது ஐந்தாம் மாதம். வலி வந்தபின் பார்க்கலாம் என்பது எனக்கும் பொருந்துமா?

கல்லாறு

பொருந்தும் என்று தொலைவிலிருந்து சொல்ல முடியாது, அம்மா. உங்கள் கேள்வி வேறு. இயல்பான இடுப்பெலும்பு சற்றுச் சிறியதாக இருப்பது ஒன்று, அதன் வடிவம் கெட்டிருப்பது மற்றொன்று. எலும்பு முறிவு, சிறு வயது ரிக்கெட்ஸ், இளம்பிள்ளைவாதத்தால் ஒரு கால் சூம்பியிருப்பது, முதுகெலும்புக் காசநோய் ஆகியவை இருந்தவர்களுக்கு அளந்து பார்ப்பதில் பயன் உண்டு. முறிவின்போது எடுத்த படங்களையும் ஆறிய பின் எடுத்த படங்களையும் எடுத்துக்கொண்டு இப்போதே எலும்பு மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் பாருங்கள். முறிவு ஒட்டிய இடம் வழிக்குள் துருத்துகிறதா என்பதே கேள்வி. துருத்தாதவர்கள் பலர் இயல்பாகவே பெற்றிருக்கிறார்கள். எட்டாம் மாதம் வரை தள்ளிப்போட வேண்டாம்.

தாழைமடல்

இன்று மறுபடி சென்றிருந்தேன். சிறுநீர் கழித்தபின் பார்த்தபோதும் 4/5 தான். நஞ்சு மேலே இருக்கிறது, கட்டி இல்லை. ஐயா சொன்ன அழுத்தும் சோதனையைச் செய்தார்கள். தலை எலும்போடு சமமாக நிற்கிறது என்றார்கள். அந்த மருத்துவமனையில் இரவும் அறுவை வசதி உண்டு. வலி வரும்வரை காத்திருக்க மருத்துவர் ஒப்புக்கொண்டார். எப்போது நிறுத்த வேண்டும் என்பதை எதை வைத்து முடிவு செய்வார்கள்?

நீர்க்கரை

நேரத்தை மட்டும் வைத்து அன்று. முதலில் வலி உண்மையில் போதுமானதா என்று பார்ப்பார்கள். பத்து நிமிடத்தில் மூன்று முதல் ஐந்து வலி, ஒவ்வொன்றும் நாற்பது விநாடிக்கு மேல் என்றால் நல்ல வலி. வலி போதாமல் நின்றுபோன பிரசவத்துக்குப் பொருத்தமின்மை என்று பெயர் வைப்பதுதான் நான் அடிக்கடி கண்ட தவறு. முதல் பிரசவத்தில் பனிக்குடம் உடைந்து, தேவையானால் ஆக்ஸிடாசின் சொட்டுமருந்து ஏற்றி வலியைச் சரிசெய்த பிறகே அந்தப் பெயரை எடுக்க வேண்டும். கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறக்கும்முன் மெதுவாக நகர்வதையும் யாரும் தடையாகக் கருதக் கூடாது.

அடுத்தது, உள்ளேயும் வெளியேயும் சேர்த்துப் பார்ப்பது. நீண்ட நேரம் முட்டி நிற்கும் தலையின் தோலில் நீர் கோத்து வீங்கும். உள் பரிசோதனையில் விரலுக்குப் படுவது அந்த வீக்கம்தான். தலை இறங்கிவிட்டது என்று கை ஏமாறும். வயிற்றின் மேல் கை வைத்தால் 3/5 அப்படியே நிற்கும். நான் பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் இப்படி ஏமாந்து, இறங்குகிறது, இறங்குகிறது என்று இரண்டு மணி நேரம் எழுதிக்கொண்டிருந்தேன். மூத்த செவிலி வந்து என் கையைப் பிடித்து வயிற்றின்மேல் வைத்த பிறகுதான் விளங்கியது. அந்தக் குழந்தை நலமாகப் பிறந்தது, ஆனால் அன்றிலிருந்து வயிற்றைத் தொடாமல் உள்ளே தொட்டதில்லை.

மூன்றாவது, மண்டையோட்டு எலும்புகள். அவை ஒன்றையொன்று தொட்டால் இயல்பு. ஏறி நின்று, விரலால் அழுத்தினால் பிரிந்தால் கவனம். ஏறி நின்று, அழுத்தினாலும் பிரியாமல், தலையும் மேலேயே இருந்தால் வழி போதவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் குறைவு. குழந்தையின் இதயத்துடிப்பு கெட்டால் எந்தக் கணக்கும் பாராமல் நிறுத்திவிடுவார்கள்.

கல்லாறு

ஒன்றைச் சேர்க்கிறேன். முன்பே பிரசவித்தவருக்கு வலி நின்றால் ஆக்ஸிடாசினை எளிதில் ஏற்றக் கூடாது. முதல் பிரசவத்தில் தடை வந்தால் கர்ப்பப்பை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். அடுத்த பிரசவங்களில் அது ஓயாமல் போராடிக் கிழியக்கூடும். தொப்புளுக்குக் கீழே வயிற்றின் குறுக்கே வரி விழுவதும் சிறுநீரில் இரத்தம் வருவதும் மிகத் தாமதமான அடையாளங்கள்.

தாழைமடல்

பதினாறு நாள் கழித்து எழுதுகிறேன். 39 வாரமும் 4 நாளும் ஆனபோது வலி வந்தது. சேர்த்தபோது 5 செ.மீ., தலை 4/5. பத்து நிமிடத்தில் இரண்டு வலிதான் இருந்தது. பனிக்குடத்தை உடைத்து, சொட்டுமருந்து ஏற்றினார்கள். நான்கு வலி, ஒவ்வொன்றும் 45 விநாடி என்று ஆனது. 7 செ.மீ. வரை திறந்தது. அதன்பின் நான்கு மணி நேரம் அசைவில்லை. தலை 3/5. எலும்புகள் ஏறி நின்று பிரியவில்லை என்று செவிலி உரக்கச் சொன்னது என் காதில் விழுந்தது. அறுவையில் பெண் குழந்தை, 2.9 கிலோ. அழுதாள், நலமாக இருக்கிறாள். தலை குனிந்தே இருந்ததாகக் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். முழுக் குறிப்பின் படியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

காத்திருந்ததற்கு வருந்தவில்லை. ஆனால் ஒரு கேள்வி. தலை குனிந்தே இருந்தது, வலியும் போதுமானதாக இருந்தது என்றால், மருதவனம் அவர்களுக்குச் சொன்னது எனக்குப் பொருந்தாது அல்லவா?

கல்லாறு

முதலில் வாழ்த்துகள். ஆம், இது உண்மையான பொருத்தமின்மைக்கு மிக நெருங்கிய நிகழ்வு. அடுத்த முறை நான் பார்த்தால் நாள் குறித்துச் செய்வதையே விரும்புவேன்.

நீர்க்கரை

நான் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன், ஐயா. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து நுழைந்திருந்ததா என்று குறிப்பில் இல்லை. குனிந்த தலையும் சாய்ந்து வந்தால் நிற்கும். அடுத்த குழந்தை 2.6 கிலோவாக இருந்தால் நிலைமை வேறு.

கல்லாறு

சாய்வு இருந்தால் அறுவை செய்தவர் கவனித்திருப்பார். ஆனால் எழுதாததை இல்லை என்று சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தாழைமடல், கர்ப்பப்பையில் கீறல் எந்தத் திசையில் போடப்பட்டது என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த முறை சுகப்பிரசவம் பற்றிப் பேச எங்கள் இருவருக்கும் அந்த வரிதான் முதலில் வேண்டும்.

தாழைமடல்

இருக்கிறது, ஐயா. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்குக் கீறல் என்று எழுதியிருக்கிறார்கள்.